ஐந்து தொழில்கள் – ஒரு மாமாவின் கடிதம்

(இளைப்பாறிய வங்கி முகாமையாளர் ஒருவர், முள்ளியவளைப் பக்கம் குடியிருக்கும் தமது மருமகனுக்கு எழுதிய கடிதம் இது. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, சொந்த வயலில் இன்னும் கால் வைக்க முடியாதிருக்கும் பல குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இருவரின் சம்மதத்துடன் இங்கே தருகிறோம்.)

அன்பின் மருமகனுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். மெனிக்பாம் முகாம் 2012 இல் மூடப்பட்ட நாளிலிருந்து நீ கூலி வேலையிலும் கராச்சிலும் மாறி மாறி நின்று சேர்த்த பணம் இரண்டு இலட்சம். அதற்கு மேலே குழுக் கடனாக ஒன்றரை இலட்சம் தருவதற்கு ஆட்கள் வீட்டுக்கே வந்து போகிறார்கள். இரண்டையும் சேர்த்து றோட்டுக்கரையில் ஒரு பலசரக்குக் கடை போடலாமா என்று கேட்டிருக்கிறாய். கடன் பத்திரத்தில் வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். கையெழுத்து வைக்காதே. ஏன் என்று கடைசியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கடையைப் பற்றி ஒரு வார்த்தை. உன் பகுதியில் எல்லோரும் கமக்காரர். அறுவடைக்கு அறுவடைதான் காசு. இடையிலே வருகிறவர்கள் கொப்பியில் எழுதச் சொல்வார்கள். சொந்தக்காரனுக்கும் அயலவனுக்கும் இல்லை என்று சொல்ல உன்னால் முடியாது, அக்காவாலும் முடியாது. ஆறு மாதத்தில் உன் முதல் முழுவதும் கொப்பிக்குள் போய்விடும். தட்டிலே சாமான் இராது.

தொழில் ஒன்றைப் பார்க்கும்போது நான் வங்கியில் கேட்ட முதற் கேள்வி எவ்வளவு இலாபம் என்பதல்ல. போட்ட காசு எத்தனை நாளில் திரும்பிக் கைக்கு வரும் என்பதுதான். அதை நான் படித்தது ஒரு பிழை விட்டுத்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் முட்டைக்கோழி வளர்க்க ஒருவருக்குக் கடன் எழுதினேன். நல்ல உழைப்பாளி. தவணையை முதலாம் மாதத்திலிருந்தே கட்டவேண்டும் என்று போட்டேன். எல்லாக் கடனுக்கும் அப்படித்தான் போடுவோம். ஆனால் கோழிக்குஞ்சு முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய இருபது கிழமை செல்லும். ஐந்து மாதம் தீனியும் வாங்கித் தவணையும் கட்ட அவருக்கு வழியில்லை. நான்காம் மாதத்தில் கோழிகளை இறைச்சிக்கு விற்று எங்கள் கடனைக் கட்டினார். கடன் திரும்பி வந்ததால் எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அந்த மனிதருக்குத் தொழில் போயிற்று.

உனக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நீ இருக்கும் கால் ஏக்கர் துண்டு உன் பழைய காணி அல்ல. நாளைக்கு வயற்காணி விடுபட்டால் அங்கே போவாய். ஆகவே சீமெந்திலும் கட்டிடத்திலும் காசைப் புதைக்காதே. தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருக்கட்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்து தொழில்களைச் சொல்கிறேன். நாலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒன்றை விரிவாக எழுதுகிறேன்.

உன் கையிலே ஏற்கெனவே இருப்பது கராச்சுத் தொழில். நீரிறைக்கும் இயந்திரம், லான்ட்மாஸ்டர், சைக்கிள் எல்லாம் உனக்குத் தெரியும். ஒரு ஆயுதப் பெட்டியும் நாலைந்து உதிரிப் பாகமும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருத்தலாம். முதல் மிகக் குறைவு. ஆனால் இதிலும் கொப்பி உண்டு. பயிர் வாடும்போது இயந்திரம் பழுதானால் உன்னைத் தேடி வருவார்கள். காசு அறுவடைக்குப் பிறகு என்பார்கள். கூலியைக் கடன் வைத்தாலும் பரவாயில்லை, அது உன் உழைப்பு. நீ காசு கொடுத்து வாங்கிய பாகத்தின் விலையை மட்டும் அப்போதே வாங்கிவிடு.

இரண்டாவது கச்சான். முல்லைத்தீவுக் கச்சானுக்குப் பெயர் இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு வருகிற சனம் கச்சான் வாங்காமல் திரும்புவதில்லை. வறுத்துச் சிறு பைகளில் கட்டி விற்றால் காலையில் போட்ட காசு பின்னேரம் கைக்கு வரும். ஐந்திலும் விரைவானது இதுதான். ஈரத்தோடு கட்டி வைத்த கச்சானை மட்டும் தொடாதே. உடைத்துப் பார்த்தால் பருப்பிலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் இருக்கும், வாயில் போட்டால் கைக்கும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைப் பழுதாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. அப்படிப்பட்ட பருப்பைக் கோழிக்கும் போடக்கூடாது.

மூன்றாவது மரக்கன்று. பப்பாசி, முருங்கை, தேசி போன்றவற்றைப் பையிலே வளர்த்து மாரி தொடங்குமுன் விற்பது. மண்ணும் மணலும் உக்கிய எருவும் உன் வளவிலேயே இருக்கின்றன. புரட்டாதி கடைசியிலும் ஐப்பசியிலும் எல்லோருக்கும் கன்று வேண்டும். தைக்குப் பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள். விற்காமல் நின்ற கன்றின் வேர் பையைத் துளைத்து நிலத்துக்குள் போய்விட்டால் அது பிறகு விற்பனைக்கு உதவாது. முதல் வருடம் நூறு கன்றுக்கு மேல் போடாதே.

நாலாவது ஊர்க்கோழி. பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். அடைவைத்த முட்டை இருபத்தொரு நாளில் பொரிக்கும். ஏழாம் நாள் இரவில் ரோச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார். நரம்பு தெரியாத முட்டையை எடுத்துவிடலாம். கீரியும் பருந்தும் எடுப்பதைவிட ராணிக்கெட் நோய் எடுப்பது அதிகம். மிருக வைத்தியர் காரியாலயத்தில் தடுப்பு மருந்து கேட்டுப் போடாவிட்டால் ஒரே கிழமையில் கூடு வெறுமையாகும். இது அக்காவின் கைச்செலவுக்கு நல்லது. ஒரு குடும்பம் சீவிக்க இது மட்டும் போதாது.

இனி ஐந்தாவது. நெல்லை வாங்கி, அவித்து, குத்தி, புழுங்கலரிசியாக விற்பது. உன் வீட்டுக்கு நான் சரியென்று நினைப்பது இதுதான். அக்காவுக்கு நெல் அவிக்கத் தெரியும். எங்கள் அம்மா கிடாரத்தில் அவித்ததைப் பார்த்து வளர்ந்தவள். சுற்றிவர நெல் விளைகிறது. வேண்டியவை இரண்டு இரும்புப் பரல், இரண்டு படங்கு, ஒரு தராசு, சாக்குகள். எல்லாவற்றையும் ஒரு லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். வெயில் காலத்தில் போட்ட காசு ஏழெட்டு நாளில் திரும்பும்.

கணக்கை நூறு கிலோ நெல்லுக்குப் போடுவோம். அது ஐந்து புசலுக்குக் கொஞ்சம் குறைவு. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் குறித்த விலை கிலோ 120 ரூபா. அதையே வைத்துக்கொள்வோம்; உன் இடத்து விலையை நீ மாற்றிப் போட்டுக்கொள். நெல்லுக்கு 12,000. மில்லுக் கூலி, விறகு, சாக்கு, ஏற்றி இறக்கல் எல்லாவற்றுக்கும் 1,500 என்று வை. மொத்தம் 13,500. நன்றாக அவித்துக் காய்ந்த நூறு கிலோ நெல்லில் 66 கிலோ அளவில் அரிசி வரும். இருபது கிலோவுக்கு மேல் உமி, மற்றது தவிடும் குறுணலும். 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு விதித்த உச்ச விலை கிலோ 230 ரூபா. அந்த விலைக்கு நீயே வீடுகளுக்குக் கொடுத்தால் 15,180 ரூபா வரும். மிச்சம் 1,680. அதே அரிசியைக் கடைக்காரரிடம் 212 ரூபாவுக்குப் போட்டால் வருவது 13,992. மிச்சம் 492 ரூபாதான். இரண்டு நாள் அக்கா நெருப்படியில் நின்றதற்கு அது கூலியாகாது.

இன்னொன்றையும் பார். காய்ச்சல் பிழைத்து அரிசி உடைந்து, 66 கிலோவுக்குப் பதிலாக 60 கிலோ முழு அரிசி வந்தது என்று வை. வீடுகளுக்கு விற்றாலும் மிச்சம் 300 ரூபா. கடைக்குப் போட்டால் 780 ரூபா நட்டம். ஆறு கிலோவில் முழுத் தொழிலும் கவிழ்ந்துவிடும். ஆகவே இந்தத் தொழிலின் இலாபம் சந்தையில் இல்லை. படங்கிலே, நெல் காயும் இடத்தில் இருக்கிறது.

வாங்கும்போதே கவனம் தொடங்கவேண்டும். வெட்டிய உடனே வருகிற நெல்லில் நூற்றுக்கு இருபது பங்கு தண்ணீர் இருக்கலாம். அதை 14 பங்குக்குக் காயவிட்டால் நூறு கிலோ 93 கிலோவாகிவிடும். ஏழு கிலோ தண்ணீருக்கு 840 ரூபா கொடுத்தாய் என்று அர்த்தம். பச்சை நெல்லை வாங்குவதானால் அந்த ஏழு கிலோவைக் கழித்து விலை பேசு. ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்: ‘டக்’ கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். ஒரே மூடையில் இரண்டு வகை நெல் கலந்திருந்தால் வாங்காதே. ஒன்று அவியும்போது மற்றது அவியாது.

முதலில் சுளகிலே புடைத்துக் கல்லும் மண்ணும் போக்கவேண்டும். பிறகு தண்ணீரில் போட்டு மிதக்கும் சப்பியை அள்ளிவிடு. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒன்றரை நாள் வேண்டும், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் புளித்து மணக்கும், அந்த மணம் சோற்றிலும் வரும். வாங்கினவர்கள் இரண்டாம் தரம் வரமாட்டார்கள். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால் ஓர் இரவு போதும். ஊறியதா என்று பார்க்க மணியைக் குறுக்கே வெட்டு. நடுவிலே வறண்ட வெள்ளைப் பொட்டு இருந்தால் இன்னும் ஊறவேண்டும்.

அவிப்பதற்குப் பரலின் அடியில் அரை அடி உயரத்தில் தடிகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் சாக்கு விரித்து, கீழே தண்ணீர் விடு. நெல் தண்ணீரில் முட்டக்கூடாது, ஆவியில்தான் அவியவேண்டும். மேலே ஆவி சீராக வந்து, மேல்மட்டத்து நெல்லின் உமி வாய் பிளக்கத் தொடங்கியதும் இறக்கிவிடவேண்டும். குறைய அவிந்தால் அரிசியின் நடுவில் வெள்ளை தெரியும், மில்லிலே உடையும். கூட அவிந்தால் அரிசி உமிக்கு வெளியே பிதுங்கி நிறம் கறுக்கும். அக்காவுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். ஆனால் அவள் வீட்டுக்கு அவித்தவள். விலைக்கு அவிக்கும்போது ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதை அவளுக்குச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே, கோபிப்பாள்.

காயவைப்பதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். கொளுத்துகிற வெயிலில் ஒரே மூச்சில் காயவிட்டால் மணியின் வெளிப்பக்கம் முதலில் இறுகி, உள்ளே ஈரம் நின்று, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். மில்லிலே போடும்போது அது இரண்டாக உடையும். மில்லுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு அங்குல கனத்துக்குப் பரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை காலால் கிளறிவிடு. தொட்டால் ஈரம் இல்லை, கடித்தால் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்ற பதத்தில் அள்ளி நிழலில் குவி. மூன்று மணித்தியாலம் கிடக்கட்டும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரும். பிறகு மறுபடி பரப்பி, ‘டக்’ கென்று உடையும் வரை காயவை. அதன்பின் ஒரு நாள் ஆறவைத்து மில்லுக்குக் கொண்டுபோ. தார் றோட்டில் காயப்போடாதே. அங்கே சூடும் கூட, கல்லும் சேரும். கல் கடித்த வீட்டில் உன் அரிசி மறுபடி அடுப்பேறாது.

முதல் இரண்டு தரமும் நாற்பது கிலோவுக்கு மேல் அவிக்காதே. மில்லிலிருந்து வந்ததும் அரிசியையும் குறுணலையும் தனித்தனியே நிறுத்துக் கொப்பியில் எழுது. இந்தக் கொப்பி நல்ல கொப்பி. நூற்றுக்கு 66 வரும் வரை காயவைக்கும் முறையை மாற்றி மாற்றிப் பார். குறுணலையும் தவிட்டையும் விட்டுவிடாதே. மில்லுக்காரர் தவிட்டைத் தன் பங்கென்று வைத்துக்கொள்வதுண்டு, முன்கூட்டியே பேசிக்கொள். அவை அக்காவின் கோழிக்கு ஆகும். உமி அடுப்புக்கு ஆகும்.

யாருக்கு விற்பது? நெல் விளைகிற வீட்டுக்கு அரிசி விற்க முடியாது. மாதச் சம்பளக்காரரைத் தேடு: ஆசிரியர், தாதிமார், கச்சேரியில் வேலை செய்கிறவர்கள். அவர்களிடம் கொப்பி இல்லை, காசு உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கிழமைக்கு ஏறக்குறையப் பத்துக் கிலோ செல்லும். கிழமைக்கு இருநூறு கிலோ நெல் அவித்தால் 132 கிலோ அரிசி. பதின்மூன்று வீடுகள் போதும். பதின்மூன்று வீடு என்பது நீ சைக்கிளிலே சுற்றி வரக்கூடிய தொகைதான். நாட்டரிசியில் கை பழகியபின் மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு நெல்லைப் பார். அதிகம் தீட்டாமல் குத்தினால் அரிசியும் கூட நிற்கும், விலையும் கூடக் கேட்கலாம். ஆனால் தவிடு உள்ள அரிசி நெடுநாள் நிற்காது, எண்ணெய் மணம் பிடிக்கும். கேட்ட அளவுக்கு மட்டும் குத்து.

இந்தத் தொழில் ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி வரை படுத்துவிடும். மழைக்குள் நெல் காயாது. அரைகுறையாய்க் காய்ந்தது பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களுக்குத்தான் மரக்கன்றையும் கராச்சுப் பெட்டியையும் சொன்னேன். அறுவடைக் காலத்தில் மலிவாக நெல்லை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருக்கவும் ஆசை வரும். கையிலுள்ள சொந்தக் காசில் ஒரு பகுதியை மட்டும் அப்படிப் போடலாம். மூடைகளை நிலத்தில் வைக்காமல் மரக்கட்டைமேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்கு. கடன் காசில் நெல் வாங்கி வைக்காதே.

இனி அந்தக் கடன். ஒன்றரை இலட்சம், வருடத்துக்கு 24 சதவீதம், கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும், ஐம்பத்திரண்டு கிழமை என்று எழுதியிருக்கிறாய். வட்டி 36,000, எல்லாமாக 186,000, கிழமைக்கு 3,577 ரூபா. 24 என்று அவர்கள் சொல்வது முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்கும் போட்ட வட்டி. ஆனால் முழுத் தொகையும் உன்னிடம் வருடம் முழுவதும் நிற்பதில்லை. முதற் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறாய். அரை வருடம் போகும்போது பாதிதான் உன்னிடம் இருக்கும். வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் ஓடும். சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய முக்கால் இலட்சத்துக்கு 36,000 வட்டி கட்டுகிறாய். உண்மையான வட்டி நாற்பது சதவீதத்தைத் தாண்டும். எங்கள் மாவட்டங்களில் எத்தனை பெண்கள் இந்தக் கணக்குக்குள் விழுந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே ஒரு திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார். கிழமைக்கு இருநூறு கிலோ நெல்லை ஒரு பிழையும் இல்லாமல் அவித்து, எல்லாவற்றையும் வீடுகளுக்கே விற்றால் மிச்சம் 3,360 ரூபா. தவணை 3,577. நீங்கள் எல்லோரும் பாடுபட்டும் தவணைக்கே காணாது. சாப்பாட்டுக்கு ஒரு சதமும் மிஞ்சாது. குழுக் கடனென்றபடியால் நீ கட்டாத கிழமை அயல் வீட்டுக்காரர் கட்டவேண்டும். பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பாய்? ஆனால் இந்தத் தொழிலுக்கு அவ்வளவு காசு தேவையும் இல்லை. பரல், படங்கு, தராசுக்கு ஒரு தொகை. இருநூறு கிலோ நெல்லுக்கும் செலவுக்கும் 27,000. அது விற்றபின் அதே 27,000 மறு கிழமையும் வேலை செய்யும். உன் இரண்டு இலட்சத்தில் பாதிகூடப் போகாது. மற்றப் பாதியை வங்கியில் போட்டுவிடு. பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற மாதமும் மழை முந்திவருகிற மாதமும் உண்டு.

வெள்ளிக்கிழமை வருகிறவர்களிடம் மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். பழி என்மேல் இருக்கட்டும். முதல் நாற்பது கிலோவை அவித்துக் குத்தியதும் அரிசி எவ்வளவு, குறுணல் எவ்வளவு என்று எனக்கு எழுது. பஸ்சில் வருகிற யாரிடமாவது ஒரு சுண்டு அரிசியும் கொடுத்துவிடு. மாமி சோறாக்கிப் பார்த்துச் சொல்லுவாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா